ஒற்றைத் தோடம்பழம்

லா சப்பலில் நாங்கள் இருந்த வீட்டைப் பற்றி ஊருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது என் அம்மா, "தம்பி பாரிசின்ர நட்ட நடுவிலை இருக்கிறான்" என்பார். நடுவில்தான் இருந்தோம். அந்த நடுவில் இடம்தான் இல்லை. சோபாவை விரித்தால் படுக்கையறை, மடித்தால் வரவேற்பறை. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் சமைத்துக்கொண்டிருப்பவர் ஒரு தரம் வெளியே வந்து நிற்க வேண்டும். இந்த வீட்டில்தான் என் மனைவி யன்னலில் இரண்டு சிவப்பு விளக்குக்கூடுகளைத் தொங்கவிட்டு, கண்ணாடி நிறையக் கடதாசி வெட்டுகளை ஒட்டி, தட்டு நிறையத் தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, அடுக்கிச் சீனப் புதுவருடம் கொண்டாடுவதென்று முடிவு செய்தாள்.

மனைவி பாரிசில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கம்போடியாவின் புனோம் பென்னில் கடை வைத்திருந்த சீனர்கள். தியோச்சு மொழி பேசுகிறவர்கள். யுத்தத்துக்குத் தப்பி வந்து பதின்மூன்றாம் வட்டாரத்து உயரமான அடுக்குமாடி ஒன்றில் குடியேறினார்கள். நானும் யுத்தத்துக்குத் தப்பி வந்த யாழ்ப்பாணத்தான். கல்யாணத்தின்போது இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவாக இருந்த ஒரே விஷயம், பிரெஞ்சு அதிகாரிகள் முன்னால் வரிசையில் நின்ற அனுபவம்தான். மற்றபடி எங்கள் வீட்டில் எதைச் செய்தால் நல்லதோ அதை அவர்கள் வீட்டில் செய்தால் கெட்டது.

கல்யாணம் முடித்த புதிதில் புதுவருடத்தின் இரண்டாம் நாள் அவளுடைய பெற்றோர் வீட்டுக்குப் போனோம். கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள் தாய்வீட்டுக்கு வரும் நாள் அதுதான். இரண்டு தோடம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தோம். சாப்பிட்டோம். புறப்படும்போது மாமியார் இரண்டு தோடம்பழத்தை எடுத்து என் கையில் தந்தார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. மருமகன் கொண்டுவந்த பழத்தைத் திருப்பித் தருகிறார்களே, என்ன திமிர் என்று மெத்ரோவில் வரும் வழியெல்லாம் பொருமினேன். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது வேறு பழம். நம்முடைய அதிர்ஷ்டத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு, தங்களுடையதை நமக்குத் தந்திருக்கிறார்கள். வெறுங்கையோடு அனுப்பியிருந்தால்தான் நீ கோபிக்க வேண்டும்" என்றாள்.

அவர்களுடைய மொழியில் பெரிய தோடம்பழம் என்பதற்கும் பெரிய அதிர்ஷ்டம் என்பதற்கும் ஓசை ஒன்றாம். எங்கள் மொழியிலோ தோஷத்தைத் தமிழ்ப்படுத்தி எழுதினால் தோடம். பழம் ஒன்றுதான். அவர்களுக்கு அது வாசலில் வந்து நிற்கும் சீதேவி. எங்களுக்குச் சாத்திரியாரிடம் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய சங்கதி. புது மாப்பிள்ளை என்பதால் அன்று இந்த ஆராய்ச்சியை நான் வெளியிடவில்லை.

பிறகு மாமியார் காலமானார். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் சிவப்பு வைப்பதில்லை. கதவில் கடதாசி இல்லை, விளக்கு இல்லை, யாரும் வாழ்த்துச் சொல்லப் போவதும் இல்லை. இது எங்கள் ஊர் வழக்கத்தைப் போலவே இருந்ததால் எனக்கு ஒருவரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் துக்க வருடம் முடிந்து இரண்டாயிரத்துப் பதின்மூன்று பிறந்த பின்னும் மாமனார் கதவு வெறுமையாகவே இருந்தது. மனைவி தொலைபேசி எடுத்து, எப்போது கதவுக்குக் கடதாசி ஒட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

"ஒரு ஆளுக்காக யாராவது சிவப்புக் கடதாசி ஒட்டுவார்களா?" என்றாராம். "இரண்டாம் நாள் நீங்களும் வரவேண்டாம். இங்கே ஒன்றும் இல்லை."

மனைவி தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் ஏற்கெனவே கழுவியிருந்த பானையைத் திரும்பவும் கழுவினாள். தாயை இழந்தபோது அழுததைவிட அன்று அதிகம் அழுதாள். தாய் போய்விட்டார், இப்போது தாய்வீடும் கதவைச் சாத்திக்கொள்கிறது. எனக்கு மாமனார் மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

அடுத்த நாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் வைக்காவிட்டால் நாம் வைப்போம். முதல் நாள் மத்தியானம் அவரை இங்கே சாப்பிடக் கூப்பிடப் போகிறேன்" என்றாள். தகப்பன் மகள் வீட்டுக்கு அதுவும் முதல் நாளில் வருவதா, எல்லாம் தலைகீழாகிவிட்டது என்று மாமனார் முணுமுணுத்தாராம். ஆனாலும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

பதின்மூன்றாம் வட்டாரத்துக் கடையில் சாமான் வாங்கினோம். எல்லாம் சோடி சோடியாக வாங்க வேண்டும். விளக்குக்கூடு இரண்டு. அது மடித்து வைத்தால் தோசைபோலத் தட்டையாக இருக்கும். உள்ளே இருக்கும் கம்பியை நிமிர்த்தினால் பூசணிக்காய்போல உப்பிக்கொள்ளும், கீழே பொன்னிறக் குஞ்சம் ஆடும். கதவுக்கு ஒட்ட, அதிர்ஷ்டம் என்ற எழுத்துப் போட்ட சாய்சதுரக் கடதாசி. ஒரு கதவு வைத்திருக்கிற எங்களுக்கு அதிலும் இரண்டு. இரண்டாவது எதற்கென்று நான் கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள். யன்னலுக்குச் சன்னமான சிவப்புக் கடதாசியில் வெட்டிய மீன், பூ, வசந்தம் என்ற எழுத்து. அது பாம்பு வருடம் என்பதால் உடலைச் சுருட்டிப் பூவுக்குள் படுத்திருக்கும் ஒரு பாம்பு. கடைசியாக எட்டுத் தோடம்பழம், இலையும் காம்பும் உள்ளதாகப் பார்த்து. இலை இல்லாத பழம் எங்கள் தெருவிலேயே கிடைக்கும், ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டு ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டேன்.

வீட்டைக் கூட்டித் துடைத்தோம். புதுவருடம் பிறந்த பிறகு கூட்டினால் வந்த அதிர்ஷ்டமும் குப்பையோடு போய்விடும். ஆகவே துடைப்பத்தையும் குப்பை உறிஞ்சும் மெசினையும் அலுமாரிக்குள் வைத்து மனைவி பூட்டினாள். மாவில் பசை காய்ச்சி, கடதாசி வெட்டின் மூலைகளில் மட்டும் ஒரு சொட்டு வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடியில் ஒட்டினாள். நிறையப் பூசினால் சாயம் இறங்கிக் கண்ணாடி இரத்தக் களரிபோல ஆகிவிடும். ஒரு மீனுக்கு நான் பசை பூசினேன். அந்த மீன் வருடம் முழுக்க எங்கள் யன்னலில் குத்துப்பட்ட மீனாகவே இருந்தது.

மாசி மாதத்தில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். விளக்குக்கூடுகளுக்குள் சின்ன மின்குமிழ்களை விட்டு, திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டு எரியவைத்தோம். அறை முழுவதும் செம்மையாகிவிட்டது. குஞ்சத்தின் நிழல் சுவரில் ஆடியது. இவ்வளவு சின்ன வீடு இவ்வளவு அழகாக இருக்க முடியுமா என்று நான் வியந்துகொண்டிருந்தபோது, கீழே தமிழ்க் கடைத்தெருவில் எங்கள் சனம் அண்ணாந்து பார்த்து வேறு விதமாக வியந்துகொண்டிருந்தது.

எங்கள் மொழியில் யன்னலில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். பால் வாங்கக் கீழே இறங்கினேன். மளிகைக்கடை அண்ணை கல்லாவுக்குப் பின்னாலிருந்து என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"தம்பி, குறை நினையாதையும். வேலை வெட்டி ஏதும் போயிட்டுதோ?"

"இல்லையே அண்ணை. ஏன்?"

"இல்லை, மேல சிவப்பு லைற் எரியுது. சனம் ஒவ்வொண்டு கதைக்குது. நான் சொன்னனான், அந்தப் பெடியன் அப்பிடிப்பட்டவன் இல்லையெண்டு."

"சீனாக்காரற்ரை வருசப்பிறப்பு அண்ணை."

"ஓம் ஓம், எனக்கு விளங்குது" என்றார். அவர் சொன்ன விதத்தில் ஒன்றும் விளங்கவில்லை என்று எனக்கு விளங்கியது.

செய்தி எங்கள் தெருவில் நிற்கவில்லை. பக்கத்து ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் காய்கறி வாங்க வந்த யாரோ அதைப் புறநகர் எபினேக்குக் கொண்டுபோனார்கள். எபினேயில் இருக்கும் சித்தி ஓல்னேக்குத் தொலைபேசி எடுத்தார். ஓல்னேயில் அண்ணன் வீட்டில் இருந்த என் அம்மா, சனிக்கிழமை பின்னேரம் கைப்பையும் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அந்தப் பாதையில் ரயில் அடிக்கடி தாமதமாகும். வதந்தி ஒரு நாளும் தாமதமானதில்லை.

உள்ளே வந்த அம்மா முதலில் விளக்குகளைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த தோடம்பழத் தட்டைக் கண்டு நெஞ்சில் கையை வைத்தார்.

"ஆருக்குச் சுகமில்லை?"

யாழ்ப்பாணத்தில் தோடம்பழம் வாங்குவது ஆசுப்பத்திரிக்குப் போகும்போதுதான். எட்டுப் பழம் என்றால் நோயாளி தப்பமாட்டார் என்று அர்த்தம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை, நாளைக்குச் சம்பந்தி சாப்பிட வருகிறார், அவர்களுடைய வருசப்பிறப்பு என்று நான் விளக்கினேன். அம்மா ஆறுதலடைந்தார். ஆனால் கண் தட்டைவிட்டு விலகவில்லை.

"எட்டு எண்டால் இரட்டை. நல்ல காரியத்துக்கு இரட்டையிலை வைக்கிறதே? செத்தவீட்டுக்கெல்லோ இரட்டை. ஒண்டை எடு."

"அவையளுக்கு இரட்டைதான் அம்மா நல்லது."

"ஆற்றை வீடு இது?" என்றார். இது பதில் சொல்லக் கூடாத கேள்வி. மனைவிக்கு அவ்வளவு தமிழ் தெரியாதது கடவுள் செய்த கிருபை. அவளுக்குத் தெரிந்தது 'ஓம் மாமி', போதும் என்பதற்குக் 'காணும் மாமி', 'சாப்பிட்டீங்களோ மாமி' ஆகிய மூன்றும்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு மருமகள் பத்து வருடம் தாக்குப்பிடிக்க இந்த மூன்றும் போதும்.

அன்று இரவு ஒரு மௌன யுத்தம் தொடங்கியது. நான் பல் விளக்கிவிட்டு வந்தபோது தட்டில் ஏழு பழம் இருந்தது. மனைவி வந்து பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு எட்டாவதைக் கண்டுபிடித்து வைத்தாள். காலையில் எழும்பியபோது மறுபடியும் ஏழு. இம்முறை எட்டாவது பழம் சாமித்தட்டில் பிள்ளையாருக்கு முன்னால் இருந்தது. பிள்ளையாரிடமிருந்து பறிக்க மனைவிக்குத் தயக்கம். "இதை எடுத்தால் அவர் கோபிப்பாரா?" என்று என்னைப் பிரெஞ்சில் கேட்டாள். "அவர் கோபிக்கமாட்டார். அவருடைய காரியதரிசிதான் கோபிப்பார்" என்றேன். எடுத்தாள். அம்மா கண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மிக இனிமையாகச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நிற்பதைவிட அந்தக் காலத்து ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் நிற்பது எவ்வளவோ மேல்.

துடைப்பத்தைத் தேடினார் அம்மா. நல்ல நாளும் அதுவுமாகக் கூட்டாத வீடா என்று அலுமாரியை இழுத்துப் பார்த்தார். பூட்டு. "துடைப்பத்தையும் பூட்டி வைக்கிற குடும்பத்தை நான் இப்பதான் காணுறன்" என்றார். நான் விளக்கத்தை ஆரம்பித்தேன். அம்மா கேட்கவில்லை, அவர் கண் யன்னலில் நிலைகுத்தியிருந்தது. முதல் தடவையாக அங்கே பாம்பைக் கண்டிருந்தார்.

"நாகதம்பிரானெல்லோ!"

அதன்பின் அம்மா வேறு ஆளாகிவிட்டார். இவ்வளவு நாளும் தன் மருமகள் கும்பிடுகிற கடவுள் எதுவென்று தெரியாமல் தவித்த தவிப்பு ஒரு நொடியில் தீர்ந்துபோயிற்று. கைப்பையிலிருந்த சந்தனத்தைக் குழைத்து, மனைவி மூச்சை அடக்கி ஒட்டிய கடதாசிப் பாம்பின் தலையில் ஒரு பொட்டு வைத்தார். மனைவி வாயைத் திறந்தாள், பிறகு மூடினாள். மஞ்சள் சந்தனம் சிவப்புக் கடதாசியில் பொன்னைப்போல இருந்தது. "சரி, பொன் நல்லதுதான்" என்று என்னிடம் பிரெஞ்சில் சொன்னாள். "காணும் மாமி" என்று அம்மாவிடம் தமிழில் சொன்னாள்.

மத்தியானம் நெருங்கியது. மாமனார் ஏழாம் இலக்க மெத்ரோவில் ஸ்டாலின்கிராட் வரை வந்து மாறி லா சப்பலில் இறங்குவார். அவருக்கு எங்கள் பக்கத்து நிலைய வாசல் குழப்பும் என்று மனைவி கூட்டிவரப் புறப்பட்டாள். போகும்முன் தட்டில் எட்டுப் பழம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாள். அம்மா வெள்ளைச் செவ்வந்தி மாலை ஒன்று வாங்கி வந்திருந்தார்; இன்றைக்கு வெள்ளை கூடாது என்று மனைவி சைகை காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு அதை வாங்கிக் குசினி யன்னலுக்கு வெளியே வைத்தாள். பிறகு என் காதில், "பழத்தைப் பார்த்துக்கொள். இன்று ஒரு பிழையும் நடக்கக் கூடாது. அவர் ஒரு தரம் முகம் சுளித்தால் இனி வரவே மாட்டார்" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் விளக்குக்கூடு ஒன்று கம்பியிலிருந்து நழுவிச் சரிந்தது. நான் நாற்காலியில் ஏறி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கீழே அம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி, பிள்ளையின்ர தாயின்ர படம் எங்க?"

"லாச்சிக்குள்ளை இருக்கு" என்று நான் சிந்திக்காமல் சொல்லிவிட்டேன்.

அந்தப் படம் இழுப்பறைக்குள் இருந்ததற்குக் காரணம் இருந்தது. கட்டிக்கொடுத்த மகள் தன் தாய்க்குப் புருசன் வீட்டில் படம் வைத்துப் படைப்பதில்லை. அது தகப்பன் வீட்டில், மகன்மார் வீட்டில் நடக்க வேண்டியது. மாமனாருக்கு மகன் கிடையாது. மனைவி அந்தப் படத்தை இரவில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் லாச்சிக்குள் வைப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. நான் விளக்கை மாட்டி இறங்கியபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

சாமியோடு செத்தவரை வைக்கக் கூடாது என்பதால் அம்மா தொலைக்காட்சியை நகர்த்தி, அந்த மேசையில் படத்தை வைத்திருந்தார். கண்ணாடிக்கு மேல், மாமியாரின் நெற்றியில், ஒரு பெரிய குங்குமப் பொட்டு. பிள்ளையாரின் சின்ன சிவப்பு மின்விளக்கு படத்துக்கு முன்னால் எரிந்தது. தட்டிலிருந்து எடுத்த ஐந்து தோடம்பழம், நாலு கீழே ஒன்று மேலே.

"அம்மா! என்ன வேலை இது!"

"ஏன்? வருசம் முடிஞ்சுதெல்லோ? முதல் நல்ல நாளிலை அந்த மனுசிக்கு வைக்காமல் நாங்கள் மட்டும் இருந்து திண்டால் சரியே?" என்றார். "புருசன் இருக்கப் போனவ. சிவப்பு வைக்கத்தான் வேணும். அங்கை அஞ்சு, இஞ்சை மூண்டு. ரெண்டும் ஒற்றை. இப்பதான் வீடு மாதிரி இருக்கு."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பழத்தை எடுக்கக் கையை நீட்டினேன். கதவில் திறப்பு திரும்பும் சத்தம் கேட்டது.

மாமனார் உள்ளே வந்தார். நரைத்த தலையை வாரி, மடிப்புக் கலையாத கோட் போட்டு, இரண்டு கையிலும் ஒவ்வொரு தோடம்பழத்தை ஏந்தியிருந்தார். வாசலிலேயே அவற்றை என் கையில் தந்து வாழ்த்துச் சொன்னார். கதவிலிருந்த கடதாசியை நின்று பார்த்தார். சந்தனப் பொட்டு வைத்த பாம்பைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. பிறகு தொலைக்காட்சி மேசையைப் பார்த்தார்.

அவருக்குப் பின்னால் வந்த மனைவியும் அப்போதுதான் கண்டாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. பழத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமனார் கோட்டைக் கழற்றாமலே மேசைக்குக் கிட்டப் போனார். பழங்களைப் பார்த்தபடி நின்றார். பிரெஞ்சில் கேட்டார். எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"யார் ஐந்து வைத்தது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்குப் பிரெஞ்சு எண்கள் தெரியும். அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"பழம் ஆட்களுக்கு என்றால் சோடி" என்றார் மாமனார், மகளைப் பார்த்து. "கடவுளுக்கும் போனவர்களுக்கும் ஒற்றை. உன் அம்மா ஒவ்வொரு வருடமும் அவளுடைய தாய்க்கு ஐந்துதான் வைப்பாள். நீ பார்த்ததேயில்லையா?"

"நான் சாப்பாட்டு மேசையைத்தான் பார்த்தேன் அப்பா" என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்திருந்தது. "படத்தை நான் வைக்கவில்லை. எனக்குத் தெரியும், மகள் வீட்டில்..."

மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார். படத்தின் நெற்றியிலிருந்த பொட்டைத் தொடாமல் சுட்டிக்காட்டினார். "இது?"

அம்மா தன் பிரெஞ்சு முழுவதையும் திரட்டினார். "றூஜ்" என்றார், சிவப்பு என்பதற்கு. "மதாம்... மிசியோ இருக்கு... றூஜ். பியன்."

நான் மொழிபெயர்த்தேன். புருசன் உயிரோடிருக்கும்போது போன பெண்ணுக்கு எங்கள் ஊரில் சிவப்புப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவோம், அவள் சிவப்புக்கு உரியவள் என்றேன். மாமனார் அந்தப் பொட்டைத் திரும்பவும் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். மனைவி மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

சாப்பிட்டோம். முழு மீன் ஒன்றை மனைவி ஆவியில் வேகவைத்திருந்தாள். மீனை முடிக்கக் கூடாது, மிச்சம் வைத்தால்தான் வருடம் முழுக்க மிச்சம் இருக்கும். அம்மா அதைக் கேட்டு நிம்மதியானார். உறைப்பில்லாத மீனை முடிக்காமல் விட அவருக்கு ஒரு மதரீதியான காரணம் கிடைத்துவிட்டது. மாமனார் இடையிடையே தொலைக்காட்சி மேசைப் பக்கம் திரும்பினார். அங்கே எல்லாமே சிவப்பாக இருந்தது, மாமியாரின் முகமும்.

புறப்பட நேரம் வந்தது. மனைவி தட்டிலிருந்து இரண்டு தோடம்பழத்தை எடுத்தாள், வழக்கப்படி தகப்பனின் கையில் கொடுக்க. அம்மா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"கொண்டந்த மனுசனிட்டையே திருப்பிக் குடுக்கிறியே பிள்ளை! மானம் போகப் போகுது!"

"அம்மா, அது மாற்றிக் குடுக்கிறது. அவையின்ர முறை" என்றேன். நானும் ஒரு காலத்தில் மெத்ரோவில் பொருமியவன் என்பதால் மரியாதையாகவே சொன்னேன். அம்மா யோசித்தார். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கொடுக்கட்டும், ஆனால் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறதே. மனைவியின் கையை விட்டு, அவள் இரண்டையும் மாமனார் கையில் கொடுத்ததும், தட்டிலிருந்து மூன்றாவது பழத்தை எடுத்து அவற்றுக்கு மேலே வைத்தார்.

"ரெண்டாய்க் குடாத. மூண்டு."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மாமனார் கையில் இருந்த மூன்று பழத்தையும் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பித் தருவார், அம்மா மறுபடி வைப்பார், இந்த ஒடுங்கிய வாசலில் மாலை வரை இது நடக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் திருப்பித் தரவில்லை. மகளிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். மனைவி கண்ணைத் திறந்தாள். கண் நிறைந்திருந்தது.

"இரண்டு தனக்காம்" என்று எனக்குச் சொன்னாள். "ஒன்று அம்மாவுக்காம். அங்கே வீட்டில் அம்மா படத்துக்கு முன்னால் ஒன்றும் வைக்கவில்லையாம்."

மாமனார் கதவைத் திறந்தார். எங்கள் கதவிலிருந்த சிவப்புக் கடதாசியைத் திரும்பவும் பார்த்தார்.

"இதில் இன்னொன்று வைத்திருக்கிறாயா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

மனைவி ஓடிப்போய் எடுத்து வந்தாள். இரண்டாவது கடதாசி எதற்கென்று எனக்கு அப்போது விளங்கியது. ஒட்டவேண்டிய நாள் நேற்றோடு போய்விட்டது; வழக்கம் தவறினால் முகம் சுளிக்கும் மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுருட்டி வாங்கினார், பிறகு திரும்ப அவளிடமே தந்தார்.

"நாளைக்கு நீயே கொண்டு வா. நாற்காலியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்" என்றார்.

நாளை இரண்டாம் நாள். மனைவி கடதாசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்று விம்மி விம்மி அழுதாள். மாமனார் படியில் இறங்கினார், பழங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி.

"என்ன சொன்னவர்? ஏன் பிள்ளை அழுகுது? மூண்டு குடுத்தது பிழையோ?" என்று அம்மா பதறினார்.

"இல்லை அம்மா. நாளைக்கு வீட்டை வரச் சொல்லிட்டார்."

அம்மா அவளை இழுத்துச் சோபாவில் இருத்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு படத்துக்கு முன்னால் இருந்த ஐந்து பழத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"போகேக்கை மூண்டு கொண்டு போ பிள்ளை."

"ஓம் மாமி" என்றாள் மனைவி. இந்த முறை அவள் அதை விளங்கித்தான் சொன்னாள்.